வெயிலில் காயும் காளானில் வைட்டமின் டி



நம் குழுக்களில் பலர் வைக்கோல் படுக்கை போட்டு சிப்பிக் காளான் வளர்க்கிறோம். விற்றது போக மீந்ததைக் காயவைத்து எடுத்து வைக்கிறோம். காயவைக்கும் முறையில் சின்ன மாற்றம் செய்தால், அதே காளானில் எலும்புக்குத் தேவையான வைட்டமின் டி-யும் கிடைக்கும். நாளெல்லாம் வீட்டுக்குள்ளேயே பீடி சுற்றுபவர்கள், தையல் வேலை செய்பவர்கள், வெளியே போக முடியாத பெரியவர்கள் ஆகியோருக்குத்தான் இது அதிகம் குறைகிறது.

வைட்டமின் எப்படி உருவாகிறது?

காளானில் எர்கோஸ்டீரால் என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆக மாறும். நம் தோலில் வெயில் பட்டு வைட்டமின் டி உண்டாவது போலத்தான் இதுவும். இருட்டு அறையில் வளர்ந்த காளானில் இந்தச் சத்து மிகவும் குறைவு. நிழலில் காய்ந்தாலும் அப்படியே. ஆகவே காளான் காய்ந்திருக்கிறதா என்பது மட்டும் போதாது, வெயில் பட்டிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

எவ்வளவு வெயில் வேண்டும்?

காலை இளவெயிலும் சாயங்கால வெயிலும் உதவாது. காலை 10 மணி முதல் மதியம் 2 மணி வரை உள்ள வெயிலே நல்லது. கடிகாரம் பார்க்க வேண்டாம், உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அது சரியான நேரம். அந்த வெயிலில் ஒரு மணி நேரம் இருந்தால் போதும். நாள் கணக்கில் வெயிலில் போட்டால் சத்து கூடிக்கொண்டே போகாது. உண்டானதும் கொஞ்சம் அழியத் தொடங்கும்.

செய்முறை

1. காலையில் பறித்த காளானின் அடிக்காம்பை நீக்கி, நீளவாக்கில் மெல்லிசாகக் கிழிக்கவும். கழுவ வேண்டாம், துணியால் துடைத்தால் போதும்.

2. சுத்தமான வேட்டியிலோ முறத்திலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பவும். குடையின் அடியில் உள்ள மடிப்புப் பக்கம் மேலே பார்த்திருக்க வேண்டும். எர்கோஸ்டீரால் அங்கேதான் அதிகம்.

3. ஒரு மணி நேரம் திறந்த வெயிலில் வைக்கவும். மேலே துணி போட்டால் கதிர் உள்ளே போகாது. ஈ, கோழி வராமல் ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. அதன்பிறகு கொசுவலையால் மூடியோ சூரிய உலர்த்தியில் வைத்தோ முழுசாகக் காயவிடவும். உலர்த்தியின் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். அதனால் திறந்த வெயில் முதலில், உலர்த்தி பிறகு.

5. அன்றைக்கே காயாவிட்டால் பனி இறங்கும் முன் வீட்டுக்குள் எடுத்து வைத்து, மறுநாள் திரும்பப் போடவும்.

ஒடித்தால் 'படக்' என்று முறிய வேண்டும். தோல் மாதிரி வளைந்தால் ஈரம் இருக்கிறது, டப்பாவில் பூஞ்சணம் பிடிக்கும். நிறம் கொஞ்சம் பழுப்பானால் கவலை இல்லை. பிசுபிசுப்போ கெட்ட வாடையோ இருந்தால் தூக்கிப் போடுங்கள். மழை மூட்டமான நாளில் இந்த வேலையே வேண்டாம். காய்ந்ததை வெளிச்சம் புகாத எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி வைத்து, மூன்று மாதத்துக்குள் சமைத்துவிடுங்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு கிலோ பச்சைக் காளான் காய்ந்தால் சுமார் 100 கிராம் வரும். நன்றாக வெயில் பட்ட 100 கிராம் பச்சைக் காளானில், அதாவது காய்ந்தது 10 கிராமில், பெரும்பாலும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி கிடைக்கும். பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 15 மைக்ரோகிராம். மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்டது! நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வேளைக்கு 40 கிராம் எடுத்துக்கொள்ளலாம்.

காளான் குழம்பு

40 கிராம் காளானை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவைத்துப் பிழியவும். ஊறிய தண்ணீரை வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள், கொட்டிவிடாதீர்கள். வாணலியில் மூன்று கரண்டி நல்லெண்ணெய் விட்டு கடுகு, கறிவேப்பிலை தாளித்து, ஒரு கை சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி வதக்கவும். காளானைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டி, இரண்டு ஸ்பூன் குழம்புப் பொடி, உப்பு, ஊறிய தண்ணீர் சேர்த்து பத்து நிமிடம் மூடி வேகவிடவும். கடைசியில் அரைத்த தேங்காய் ஊற்றி ஒரு கொதியில் இறக்கவும். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. எண்ணெயும் தேங்காயும் இருந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். இந்த அளவு சமைப்பதில் பெரும்பகுதி சத்து அழியாமல் நிற்கும்.

கவனிக்க

காட்டில், குப்பைமேட்டில் முளைத்த காளானைக் காயவைத்துச் சாப்பிடக் கூடாது. விஷம் வெயிலில் போகாது. தொடர்ந்து எலும்பு வலி, தசை பலவீனம் இருந்தால் டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையைக் காளானை நம்பி நிறுத்தக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் பேச: நம் குழுவில் காளானை எங்கே காயவைக்கிறோம், அந்த இடத்தில் மதியம் ஒரு மணி நேரம் நேரடி வெயில் விழுகிறதா?