ஒரே நாளில் எவ்வளவு போகும்?

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். 40 லட்ச ரூபாயைப் பங்குகளில் போட்டு, நிர்வகிக்க ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறேன். அவர்கள் மாதாமாதம் அனுப்பும் அறிக்கையில், ‘வேல்யூ அட் ரிஸ்க், ஒரு நாள், 99 சதவீதம்: ரூ. 80,000’ என்று ஒரு வரி இருக்கிறது. சந்தை எவ்வளவு சரிந்தாலும் ஒரே நாளில் எனக்கு 80,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம் வராது என்று இதை எடுத்துக்கொள்ளலாமா? இந்தப் பணத்தில் பாதி, அடுத்த ஆண்டு மகள் கல்யாணத்துக்கு வேண்டும்.
– வாசகர், திருச்சி

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த எண் உச்சவரம்பு இல்லை. நூறு வர்த்தக நாட்களில் 99 நாள் நஷ்டம் 80,000-ஐத் தாண்டாது, ஏதோ ஒரு நாள் தாண்டும் என்பதுதான் அதன் பொருள். ஆண்டுக்குச் சுமார் 250 வர்த்தக நாள். ஆகவே இரண்டு மூன்று நாள் தாண்டத்தான் செய்யும். எவ்வளவு தாண்டும் என்பதைப் பற்றி அந்த வரி வாயே திறப்பதில்லை.

கணக்குப் போடும் விதத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். பரவலாக இருக்கும் ஒரு முறை இது: கடந்த 500 வர்த்தக நாட்களின் சந்தை நகர்வுகளை எடுத்து, இன்று உங்கள் கையில் இருக்கும் பங்குகளுக்கு அவை ஒவ்வொன்றும் நேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பார்கள். மோசமான நாளிலிருந்து வரிசையாக அடுக்கி, ஐந்தாவது இடத்தில் நிற்கும் நஷ்டத்தை அறிக்கையில் போடுவார்கள். அதற்கு மேலே இருக்கும் நான்கு நாட்களும் கணக்கில் வெறும் தலை எண்ணிக்கைதான். முதல் இடத்தில் இருப்பது 4 சதவீத நஷ்டமானாலும் 40 சதவீதமானாலும் ஐந்தாவது எண் மாறாது.

இதைச் சரிசெய்ய ஒரு வழி வந்துவிட்டது. எல்லையைத் தாண்டிய நாட்களின் சராசரி நஷ்டத்தைச் சொல்லும் ‘எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால்’ என்ற அளவுக்கு, வங்கிகளுக்கான பாசல் விதிகள் 2016-இல் மாறின. நல்ல மாற்றம்தான். ஆனால் பேரிடர் அந்த 500 நாள் பட்டியலிலேயே இல்லாவிட்டால் இதுவும் கைகொடுக்காது.

சுவிட்சர்லாந்தில் நடந்தது அதுதான். 2011 செப்டம்பர் 6 அன்று அந்நாட்டு மத்திய வங்கி, ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று அறிவித்தது. அதற்காகப் பிராங்கை விற்று யூரோவை வாங்கிக் குவித்தது. 2014-இன் கடைசியில் யூரோ அந்த எல்லையை ஒட்டியே, அசைவே இல்லாததுபோல் நின்றது. மத்திய வங்கி காவல் இருக்கிறதே என்ற தைரியத்தில் பலர் கடன் வாங்கி யூரோ வாங்கினார்கள்.

அப்படி 10 லட்சம் யூரோ வைத்திருந்த ஒருவரின் ரிஸ்க்கைக் கணக்கிடுவோம். மதிப்பு 12 லட்சம் பிராங்க். பட்டியலின் 500 நாளும் மத்திய வங்கியின் காவலில் கழிந்தவை. அதற்கு முந்தைய கொந்தளிப்பு பட்டியலை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டது. 99 சதவீத எல்லை 0.3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அறிக்கையில் வரும் எண் 3,600 பிராங்க். பார்க்க எவ்வளவு அழகு!

2015 ஜனவரி 15 காலை, மத்திய வங்கி முன்னறிவிப்பின்றிக் காவலை விலக்கியது. நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே போனது. ஒரு பிராங்குக்கு விற்றுத் தப்பியிருந்தாலும் அவருக்கு நஷ்டம் 2 லட்சம் பிராங்க். அறிக்கை சொன்னதைப்போல் 55 மடங்குக்கும் மேல். எஃப்.எக்ஸ்.சி.எம். என்ற தரகு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் போட்ட பணத்தையும் இழந்து, மேற்கொண்டு சுமார் 22.5 கோடி டாலர் பாக்கி வைத்தார்கள். நிறுவனம் 30 கோடி டாலர் கடன் வாங்கித்தான் மூச்சுவிட்டது.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. முந்தைய நாள்வரை அந்தக் கணக்கைச் சோதித்திருந்தால் தேறியிருக்கும். எல்லை எத்தனை முறை தாண்டப்பட்டது என்றுதானே சோதனையில் எண்ணுகிறார்கள்? பாசல் விதியில் 250 நாளில் நான்கு முறைவரை பச்சை விளக்கு.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் விழுந்தது. உங்கள் பங்குகளும் அதே அளவு விழுந்தால் 5.2 லட்சம் ரூபாய் போகும். அறிக்கையின் 80,000-ஐப் பாருங்கள், இதைப் பாருங்கள். 500 நாள் பட்டியலில் இன்று அந்த நாள் இருக்கவே முடியாது. நிர்வகிப்பவரிடம், “உங்கள் கணக்கு எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது? 2020 மார்ச் முழுவதும் திரும்ப நடந்தால் எனக்கு ரூபாயில் எவ்வளவு போகும்?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதில் எதுவானாலும், கல்யாணத்துக்கான 20 லட்சத்தை இப்போதே பங்கிலிருந்து எடுத்து வங்கி வைப்பில் போட்டுவிடுங்கள்.