உத்தரவாத ஒதுக்கு

நுழையும்முன்

பொருளை விற்றுப் பணம் பெற்றவுடன் விற்பனை முடிந்துவிட்டதாகக் கருதுவது இயல்பு. ஆனால், ஈராண்டு உத்தரவாதம் தந்து விற்றவருக்கு அப்பொருளின்மீது ஈராண்டுக் கடமை எஞ்சியிருக்கிறது. இன்னும் நிகழாத பழுதுக்கான செலவைக் கணக்கேடு எவ்வாறு முன்கூட்டியே காட்டுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கடமை பிறக்கும் நாள்

சகோதரர் இருவர் மாவரைக்கும் கிரைண்டர்களைத் தயாரித்துத் தம் கடையிலேயே விற்கின்றனர் எனக் கொள்வோம். ஆண்டிறுதி இலாபத்தை இருவரும் பகிர்ந்து எடுத்துக்கொள்வர். அவர்கள் 2022-23ஆம் கணக்காண்டில், மாதந்தோறும் ஏறத்தாழச் சமமாக, 1,000 கிரைண்டர்களை விற்றனர். ஒவ்வொன்றுக்கும் ஈராண்டு உத்தரவாதம் உண்டு.

பழுது நேரும்போது செலவை எழுதிக்கொள்ளலாம் என்றார் தம்பி. அவ்வாறு செய்தால், விற்பனையின் வருவாய் ஓர் ஆண்டிலும் அதனால் வந்த செலவு அடுத்த ஆண்டுகளிலும் விழும். முதலாண்டின் இலாபம் மிகையாகத் தோன்றும். அதனை இருவரும் பகிர்ந்து எடுத்துவிட்டால், பின்னர் பழுதுபார்க்க வேண்டிய பணமும் அதனுடன் சென்றுவிடும். கடமை பழுதான நாளில் பிறப்பதன்று. உத்தரவாதத்துடன் விற்ற நாளிலேயே பிறந்துவிடுகிறது. எனவே, விற்ற ஆண்டிலேயே அதற்கான தொகையைச் செலவாகக் காட்டிப் பொறுப்பாக வைக்க வேண்டும். இதுவே ஒதுக்கு. இந்தியாவின் கணக்கியல் தரநிலை 29 இதனை வகுத்துரைக்கிறது. உத்தரவாதத்தைத் தயாரிப்பாளரே ஏற்றுச் செலவையும் அவரே தாங்கினால், பொருளை வாங்கி விற்பவருக்கு இவ்வொதுக்கு தேவையில்லை.

மதிப்பிடும் முறை

எந்தக் கிரைண்டர் பழுதாகும் என்பதை எவரும் அறியார். ஆயிரத்தில் ஏறத்தாழ எத்தனை பழுதாகும் என்பதைப் பழைய பழுதுப் பதிவேடு கூறும். அவர்களது பதிவேட்டின்படி, 100 கிரைண்டர்களில் 80 பழுதின்றி உத்தரவாதக் காலத்தைக் கடந்தன. 15 கிரைண்டர்களுக்குப் பெல்ட் மாற்றுதல் போன்ற சிறு பழுதுகள் நேர்ந்தன. ஒன்றுக்குச் செலவு ரூ.400. மீதி 5 கிரைண்டர்களுக்கு மோட்டார் பழுது. ஒன்றுக்குச் செலவு ரூ.2,000. ஆகவே, நூறு கிரைண்டர்களுக்கு ரூ.6,000, ரூ.10,000 என மொத்தம் ரூ.16,000 தேவை. ஆயிரத்திற்கு ரூ.1,60,000 தேவை. இத்தொகை 2022-23ஆம் ஆண்டின் இலாபநட்டக் கணக்கில் செலவாகப் பதியப்பட்டது. இது பெட்டியில் பூட்டிவைத்த பணமன்று. பகிரத்தக்க இலாபத்தைக் குறைத்துக் காட்டும் பதிவாகும்.

பயன்படுத்துதலும் விடுவித்தலும்

அவ்வாண்டிலேயே பழுதுபார்க்க ரூ.30,000 செலவாயிற்று. அது மீண்டும் செலவாக எழுதப்படாமல் ஒதுக்கிலிருந்து கழிக்கப்பட்டது. ரூ.1,30,000 இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாக நின்றது. மறு ஆண்டில் ரூ.70,000 கழிய, 2024 மார்ச் 31 அன்று ரூ.60,000 எஞ்சியது.

அன்று மறுமதிப்பீடு செய்தனர். சராசரியாக ஒவ்வொரு கிரைண்டருக்கும் 24 மாதங்களில் 6 மாதங்களே மீதி. எனவே ஒதுக்கில் கால் பங்காகிய ரூ.40,000 போதும் என்றார் தம்பி. அண்ணன் பதிவேட்டைப் புரட்டினார். தேய்மானத்தால் வரும் பழுதுகள் உத்தரவாதத்தின் இறுதி மாதங்களில் மிகுதியாக இருந்தன. அக்கட்டத்தில் மொத்தச் செலவில் நூற்றுக்கு 30 பங்கு எஞ்சுவதாகப் பதிவேடு காட்டியது. அதன்படி ரூ.48,000 நிறுத்திவைக்கப்பட்டு, ரூ.12,000 மட்டும் அவ்வாண்டின் இலாபநட்டக் கணக்கிற்கு விடுவிக்கப்பட்டது. இறுதியாண்டில் உண்மைச் செலவு ரூ.45,000 ஆயிற்று. தம்பி கூறியபடி செய்திருந்தால் ரூ.5,000 குறைந்திருக்கும். 2025 மார்ச் இறுதியில் கடைசிக் கிரைண்டரின் உத்தரவாதமும் முடிந்தது. காலத்திற்குள் முறையிடப்பட்டுப் பழுதுபார்க்கப்படாமல் எதுவும் நிற்கவில்லை என்பதை உறுதிசெய்தபின், எஞ்சிய ரூ.3,000 விடுவிக்கப்பட்டது. இவ்விடுவிப்பால் பணம் எதுவும் புதிதாக வரவில்லை. முன்பு சற்றுக் கூடுதலாக எழுதிய செலவு திருத்தப்பட்டது, அவ்வளவே.

பிழைகளை அறிதல்

ஆண்டுதோறும் பெருந்தொகை விடுவிக்கப்பட்டால், மதிப்பீடு வேண்டுமென்றே உயர்த்தப்பட்டதோ என ஐயுற வேண்டும். நல்ல ஆண்டின் இலாபத்தை ஒதுக்கில் மறைத்து, நலிந்த ஆண்டில் வெளியிடுவது முறைகேடாகும். ஆண்டுதோறும் ஒதுக்கு போதாமற்போனால், பதிவேட்டின் விகிதம் பழையதாகிவிட்டது எனக் கொள்ளலாம். வேறொருவரிடம் மோட்டார் வாங்கத் தொடங்கினாலும் பழைய விகிதம் பொருந்தாது. முதற்சில மாதங்களின் முறையீடுகளைக் கொண்டு அதனை உடனே திருத்த வேண்டும். கடந்தகாலம் வழிகாட்டுவது, பொருளும் பயன்பாடும் மாறாதவரை மட்டுமே.

சிந்தனை வினா

மேற்கண்ட எடுத்துக்காட்டில், 2024 மார்ச் 31 அன்று ரூ.60,000 முழுவதையும் விடுவித்திருந்தால், அவ்வாண்டின் இலாபமும் அடுத்த ஆண்டின் இலாபமும் எவ்வாறு மாறியிருக்கும்? கணக்கிட்டு விளக்குக.