ருக்மிணி ஏன் பூனைக்குப் போட்டாள்?

நாகர்கோவில் பக்கத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, கதாபாத்திரத்தின் நோக்கத்தைச் சான்று காட்டி விளக்கப் பழக்குவதற்குக் கைவசம் எப்போதும் இருக்கும் கதை கிருஷ்ணன் நம்பியின் 'மருமகள் வாக்கு'. நம்பி அழகியபாண்டியபுரத்துக்காரர், 1932இல் பிறந்து 1976இல் மறைந்தவர். எங்கள் பிள்ளைகளுக்கு பஸ்ஸில் போய் இறங்கும் ஊர் அது.

ஊரில் தேர்தல். ஒரு வேட்பாளருக்குப் பூனைச் சின்னம், மற்றவருக்குக் கிளி. மாமியார் மீனாட்சி அம்மாள் பூனைக் கட்சி. மருமகள் ருக்மிணியின் மனசு கிளியிடம். வாக்குச்சாவடிக்குள் போன ருக்மிணி கடைசியில் பூனைக்கே முத்திரை குத்துகிறாள். ஏன்?

வகுப்பில் முதலில் வரும் பதில் "மாமியார் மேல பயம் சார்" என்பதுதான். அதற்குச் சான்றாக மாமியார் அதட்டும் ஒரு வரியையும் எடுத்து எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த வரியால் மாமியார் எப்படிப்பட்டவர் என்றுதான் நிறுவ முடியும். ருக்மிணியின் கை ஏன் பூனைப் பக்கம் போனது என்பதற்கு அது சான்றாகாது. ஒருவர் அதட்டுகிறார் என்பதற்கும் இன்னொருவர் அதனால்தான் ஒன்றைச் செய்தார் என்பதற்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தைக் கதையிலிருந்தே எடுத்துக் காட்ட வேண்டும்.

எனவே, "அவள் குத்துகிறபோது மாமியார் பார்க்கிறாளா?" என்று கேட்பேன். இல்லை. வாக்கு ரகசியம், கிளிக்குப் போட்டுவிட்டுப் பூனைக்குப் போட்டேன் என்று சொன்னாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. அகப்பட்டுவிடுவோம் என்ற பயம் என்றால் அது வேலை செய்ய இடமே இல்லாத ஒரு மறைவுக்குள் நம்பி அவளை நிறுத்துகிறார். வெளியே வந்தபின் பெண்கள் யாருக்குப் போட்டாய் என்று கேட்க, மாமியாருக்கு என்று அவள் வாயிலிருந்து வந்துவிடுகிறது. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். வேட்பாளர் பெயரோ சின்னமோ வர வேண்டிய இடத்தில் மாமியார் வந்து நிற்பதைக் கவனியுங்கள். இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், அடங்கி அடங்கிப் பழகியதில் மாமியார் அவளுக்கு உள்ளேயே குடிவந்துவிட்டாள் என்ற விளக்கம் நிற்கும். "பயம்" என்ற விளக்கம் முதல் இடத்திலேயே நொண்டும்.

நான் சொல்லித்தரும் முறை இவ்வளவுதான்: ஒரே செயலுக்கு இரண்டு விளக்கங்களையாவது எழுதிப் பார், பிறகு அவற்றில் ஒன்றைச் சாய்க்கும் வரியைக் கதையில் தேடு. இரண்டு விளக்கத்துக்கும் பொருந்துகிற வரியை மேற்கோள் காட்டிப் பிரயோசனமில்லை.

எவ்வளவு மேற்கோள் காட்டுவது என்பது தனித் தொல்லை. அரைப் பக்கத்தை அப்படியே பெயர்த்து எழுதிவிட்டு, "இதிலிருந்து தெரிகிறது" என்று முடிப்பவர்கள் அதிகம். எதிலிருந்து என்ன தெரிகிறது என்பதைத் திருத்துகிறவர் தேடிக்கொள்ள வேண்டுமாம்! இதற்காக நானே எழுதி வைத்திருக்கும் பயிற்சிப் பத்தி ஒன்று உண்டு:

"கடைக்காரர் கொடுத்த சில்லறையைச் செல்லையா எண்ணாமல் பையில் போட்டான். வீட்டுப் படியேறும் முன் மூன்று தடவை எண்ணினான். அவள் கேட்பதற்குள் கையை நீட்டினான்."

செல்லையாவுக்குக் கடைக்காரர் மேல் சந்தேகம் என்று பலர் எழுதுவார்கள். சந்தேகம் என்றால் கடையிலேயே எண்ணியிருப்பான். "எண்ணாமல்" என்ற ஒரு சொல்லே அந்த விளக்கத்தைத் தள்ளிவிடுகிறது. நல்ல விடை இப்படி அமையும்: 'செல்லையா வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டியதை நினைத்துத் தவிக்கிறான். கடையில் "எண்ணாமல்" போட்டவன், "வீட்டுப் படியேறும் முன்" மூன்று தடவை எண்ணுகிறான். "கேட்பதற்குள்" கையை நீட்டுவதால், கேள்வி வரும் என்று அவனுக்கு முன்பே தெரியும்.' மேற்கோள் மொத்தம் ஐந்து சொல். ஒவ்வொன்றையும் ஒட்டி, அது எதைக் காட்டுகிறது என்பதும் இருக்கிறது.

மேற்கோள் யார் வாயிலிருந்து வருகிறது என்பதையும் எழுதச் சொல்வேன். ஒருத்தியைப் பற்றி மாமியாரோ அடுத்த வீட்டுக்காரியோ சொல்வது அவர்களுடைய அபிப்பிராயம். கதைசொல்லி அவள் மனசுக்குள் புகுந்து சொல்வதற்கு எடை அதிகம். அவளே தன்னைப் பற்றிச் சொன்னாலும், யாரிடம், எந்த நெருக்கடியில் சொன்னாள் என்று பார்த்துத்தான் ஏற்க வேண்டும். சில கேள்விகளுக்குக் கதையில் விடையே இருக்காது. ருக்மிணி அடுத்த தேர்தலில் என்ன செய்வாள் என்று ஒரு மாணவி பக்கம் பக்கமாக எழுதினாள். ரசித்துப் படித்தேன், மதிப்பெண் போடவில்லை.

'மருமகள் வாக்கு' சின்னக் கதைதான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். பென்சிலும் கையுமாகப் படியுங்கள். சாவடிக்குள் ருக்மிணி நிற்கும் அந்தப் பத்தியில் என் விளக்கத்தைச் சாய்க்கும் ஒரு வரி உங்கள் கண்ணில் பட்டால், அதை அடிக்கோடிட்டு உங்கள் விளக்கத்தை எழுதுங்கள்.