நான்கு நாள் நடைக்கு உணவுப் பை

சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் விடுமுறையில், நம் சாரணியர் பன்னிருவருடன் பழனி மலையில் நான்கு நாள் நடைப்பயணம் புறப்பட்டேன். அன்புமிக்க தாய்மார்கள் எலுமிச்சைச் சோறு, இட்லி, ரொட்டி, வாழைப்பழம் எனப் பைகளை நிரப்பி அனுப்பியிருந்தனர். முதல் நாள் மாலைக்குள்ளேயே தோள்கள் வலித்தன. இரண்டாம் நாள் நண்பகலில் ஒரு மாணவி, முந்திய நாள் விடியற்காலையில் கட்டிய சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். "நல்லாத்தான் இருக்கு, டீச்சர்" என்று சொல்லிச் சில கவளம் உண்டாள். இரண்டு மணி நேரம் கழிவதற்குள் வாந்தி தொடங்கிவிட்டது. அன்று அங்கேயே கூடாரம் அடித்தோம். மறுநாள் காலை அவளைத் தாங்கிக்கொண்டு திரும்பினோம். அந்தப் பயணம் கற்பித்த பாடத்தையே இங்கு எழுதுகிறேன்.

சோறு கெட்டது ஏன்? அரிசியில் ஒட்டியிருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துக்கள் சோறு வேகும் சூட்டிலும் சாவதில்லை. சோறு ஆறி ஈரமாகவே பல மணி நேரம் மூடிக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. சோற்றில் நூல் விட்டாலோ, புளித்த வாடை அடித்தாலோ கெட்டது தெரிந்துவிடும். ஆனால், வாடையே இல்லாத சோற்றிலும் நஞ்சு இருக்கக்கூடும். ஆகவே வீட்டில் கட்டிய சோறு முதல் நாள் நண்பகலோடு தீர்ந்துவிட வேண்டும். மீந்தால் கொட்டிவிட வேண்டும்.

பை கனத்ததற்கும் இதுவே காரணம். வெந்த சோற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். நுண்ணுயிர் வாழ அந்தத் தண்ணீர் உதவுகிறது. நம் தோளை அழுத்துவதும் அதே தண்ணீர்தான். நடையால் களைத்த உடலுக்கு வேண்டிய சக்தியோ அதில் சிறிதும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுமையுடன் நாள் முழுவதும் மலை ஏறி இறங்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2,800 கலோரி அளவு தேவை என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் வெந்த சோறு 130 கலோரி தருகிறது. சோற்றை மட்டுமே நம்பினால் ஒரு நாளைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டும். நான்கு நாளைக்கு எட்டரைக் கிலோ! அவலும் வெல்லமும் பொட்டுக்கடலையும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 முதல் 380 கலோரி தருகின்றன, நிலக்கடலை 560க்கு மேல், நெய் 900. இவற்றைக் கலந்து எடுத்தால் 100 கிராமுக்குச் சராசரி 400 கலோரி கிடைக்கும். அப்போது நாளொன்றுக்கு 700 கிராம் போதும். நான்கு நாளுக்கும் சேர்த்து மூன்று கிலோவுக்குள் அடங்கிவிடும்.

அடுத்த ஆண்டு இந்தக் கணக்கின்படியே பை கட்டினோம். ஒருத்திக்கு ஒரு நாளைக்குரிய உணவு இதுதான். காலையில் 100 கிராம் அவலை ஊறவைத்து, வெல்லமும் பால்பவுடரும் சேர்த்து உண்பது. நண்பகலில் வறுத்து அரைத்த சத்துமாவு 80 கிராம், சர்க்கரையுடன் கரைத்துக் குடிப்பது. இரவில் வறுத்த ரவை 120 கிராமில் உப்புமா. அதன்மேல் நெய்யும் பருப்புப்பொடியும். நடக்கும்போது கொறிக்கக் கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், உப்பிட்ட பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை. எல்லாம் சேர்ந்து கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

இரவுக்கு அரிசியை விட்டு ரவையைக் கொண்டதற்கும் காரணம் உண்டு. 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அந்தச் சூட்டில் அரிசியும் பருப்பும் வேக நெடுநேரம் ஆகும். அடுப்புக்குரிய எரிபொருளும் சுமைதானே! வறுத்த ரவையோ சில நிமிடங்களில் வெந்துவிடும்.

கொறிக்கும் பையை இடுப்பருகே வைத்து, மணிக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி உண்ணச் சொன்னேன். தசைகளில் சேமித்துள்ள சர்க்கரை சில மணி நேர ஏற்றத்திலேயே குறைந்துபோகும். கொழுப்பு மெதுவாகவே எரியும். ஆகையால் சாப்பாட்டு வேளை வரும்வரை பட்டினியாக நடப்பவளுக்குத் திடீரெனக் கால் தளரும், எரிச்சல் வரும், பேச்சு குறையும். கலகலப்பான பெண் வாய் மூடி நடந்தால், முதலில் அவளிடம் ஒரு துண்டு கடலைமிட்டாயைக் கொடுங்கள்.

உலர்ந்த உணவுக்கும் குறைகள் உண்டு. நிலக்கடலையும் நெய்யும் வெயிலில் கிடந்தால் சிக்கு வாடை அடிக்கும். மலைப் பனியில் கடலைமிட்டாய் நமுத்துப்போகும், வெல்லம் இளகும். எனவே ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிப் பொட்டலமாகக் காற்றுப் புகாமல் கட்டி, நாளின் எண்ணை மேலே எழுதினோம். ஒரு பொட்டலம் நனைந்தாலும் மற்றவை பிழைக்கும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நாம் பையிலிருந்து நீக்கிய தண்ணீரை வழியில் எங்காவது எடுத்தே ஆக வேண்டும். அவல் ஊறவும், மாவு கரையவும், ரவை வேகவும், குடிக்கவும் சேர்த்து ஒருத்திக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வரை ஆகும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. நான்கு நாள் தண்ணீரை எவரும் சுமக்க முடியாது. ஆதலால் ஓடை இருக்கும் இடங்களை முதலில் விசாரித்து அறிந்த பின்னரே, இரவு தங்கும் இடங்களைக் குறித்தோம். ஓடைகள் வற்றும் கோடையில் இதே திட்டம் பயன்படாமல் போகலாம். ஓடை நீர் எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும், அந்த உயரத்தில் அதை மூன்று நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வைத்த பிறகே அவல் ஊறவும் குடிக்கவும் கொடுத்தோம்.

மலைக் குளிரில் தாகம் தெரியாது; ஆனால் வியர்வையிலும் மூச்சிலும் நீர் போய்க்கொண்டே இருக்கிறது. மாலையில் ஒரேயடியாகக் குடிப்பதைவிட, கால் மணிக்கு ஒருமுறை சில மிடறு குடிப்பது நன்று. நடக்கும் நேரத்தில் மணிக்கு அரை லிட்டர் என்பது பொதுவான அளவு. போதுமா என்பதைச் சிறுநீரின் நிறம் சொல்லும்: வெளிர் மஞ்சளானால் சரி, அடர் மஞ்சளானால் குறைவு. நாள் முழுவதும் வெறும் நீரையே அளவுக்கு மீறிக் குடிப்பதும் தீங்கு. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலியும் குமட்டலும் வரும். கொறிக்கும் கடலையில் உப்பு சேர்த்தது இதற்காகவே.

வாந்தி கண்ட அந்த மாணவிக்கு நாங்கள் கொடுத்தது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்த கரைசல். ஒரே மூச்சில் குடித்தால் மீண்டும் வாந்தி வருமாதலால், இரவு முழுவதும் சிறிது சிறிதாகப் புகட்டினோம். உப்பு அளவுக்கு மிஞ்சக் கூடாது. கரைசல் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது.

இரண்டாம் பயணத்தில் அவளும் வந்தாள். இம்முறை நான்கு நாளையும் நடந்து முடித்தோம். பை நாளுக்கு நாள் இலேசாயிற்று. கடைசி மாலையில், ஆபத்துக்கென்று நான் வைத்திருந்த ஐந்தாம் நாள் பொட்டலங்கள் மட்டும் பிரிக்கப்படாமல் மீந்திருந்தன. மாணவிகளே, நீங்கள் பை கட்டும்போது ஒவ்வொரு பொட்டலத்தையும் கையில் தூக்கி, "இதில் எத்தனை பங்கு தண்ணீர்?" என்று கேளுங்கள். பிறகு, "அந்தத் தண்ணீர் வழியில் எங்கே கிடைக்கும்?" என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகு புறப்படுங்கள்.