சம்பளச் சீட்டில் ‘பேசிக்’ எவ்வளவு?



நம்ம பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போனதும், “கைக்கு எவ்வளவு வருது?” என்றுதான் முதலில் கேட்கிறோம். அதோடு, “பேசிக் எவ்வளவு?” என்றும் கேட்க வேண்டும். பேசிக் என்பது அடிப்படைச் சம்பளம். பஞ்சப்படி தந்தால் அதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகையை வைத்துத்தான் பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி மூன்றையும் கணக்குப் போடுகிறார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். அக்காவும் தங்கையும் வேறு வேறு கம்பெனியில் சேர்கிறார்கள். இருவருக்கும் மாதம் 14,000 ரூபாய்தான். அக்காவுக்கு பேசிக் 7,000, மீதி வீட்டு வாடகைப் படி போன்றவை. தங்கைக்கு பேசிக் 11,000, படி 3,000.

பி.எஃப். பிடித்தம் பேசிக்கில் 12 சதவீதம். அக்காவுக்கு 840, தங்கைக்கு 1,320. அதனால் தங்கை கைக்கு 480 ரூபாய் குறைவாக வரும். “அக்கா கம்பெனிதான் நல்ல கம்பெனி” என்று வீட்டில் பேச்சு வரும். ஆனால் தங்கைக்காக அவளுடைய கம்பெனியும் 480 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறதே! அதில் 333 ரூபாய் பென்ஷனுக்கும், 147 ரூபாய் அவள் பி.எஃப். கணக்குக்கும் போகிறது. ஆக, அக்கா கணக்கைவிட தங்கை கணக்கில் மாதம் 627 ரூபாய் அதிகம் சேரும்.

சம்பளம் ஏறாமல் 15 வருஷம் வேலை செய்தால், வட்டி இல்லாமலே இந்த வித்தியாசம் 1,12,860 ரூபாய். கிராஜுவிட்டி என்பது, கடைசி மாத பேசிக்கை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை செய்த வருஷத்தால் பெருக்குவது. அக்காவுக்கு 60,577 வரும், தங்கைக்கு 95,192. 58 வயதுக்குப் பிறகு வரும் மாதப் பென்ஷனும் அக்காவுக்கு 1,500, தங்கைக்கு 2,357 என்று ஆகும்.

சில கம்பெனிகள் பேசிக்கைக் குறைத்து, மீதியை ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ என்று எழுதிவிடும். தன் பங்கு குறையும் என்பதுதான் காரணம். எல்லாருக்கும் ஒரேமாதிரி தரும் அலவன்ஸுக்கும் பி.எஃப். கட்ட வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டப்படி, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கில் வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேலைக்குச் சேரும்போது சொல்லும் சம்பளத்திலேயே கம்பெனி தன் பி.எஃப். பங்கையும் சேர்த்துச் சொல்வதுண்டு. அப்படியானால் பேசிக் கூடினாலும் கூடுதல் 480 புதுப் பணம் இல்லை. நம்ம பிள்ளை சம்பளத்திலிருந்தே எடுப்பதுதான். “14,000 என்பது உங்கள் பங்கு போகவா, சேர்த்தா?” என்று சேரும் முன்பே கேட்டு, வேலை உத்தரவில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.