கடிதம் எழுதுதல்: பழைய மாலையை மாற்றல்

வினா: தாயாரின் பழைய மாலையைப் புதிய வடிவத்துக்கு மாற்றித் தருமாறு நகைக்கடை உரிமையாளருக்குக் கடிதம் எழுதுக.

பிரதான வீதி,
சாய்ந்தமருது.
(திகதி)

உரிமையாளர்,
.......... நகை மாளிகை,
கல்முனை.

ஐயா,

பழைய மாலையை மாற்றல்

எனது தாயாரின் கல் மாலையை, அக்காவின் திருமணத்துக்காக மாற்ற விரும்புகிறோம். பழைய பற்றுச்சீட்டின்படி மொத்த நிறை 18 கிராம். கற்கள் 2 கிராம். தங்கம் 16 கிராம், அதாவது இரண்டு பவுண், 22 கரட். கல் இல்லாத புதிய மாலையும் 22 கரட்டில் 16 கிராம் இருத்தல் வேண்டும்.

உருக்குவதற்கு முன், எமது முன்னிலையில் கற்களைக் கழற்றி நிறுத்து, கரட்டையும் சோதிக்கவும். 20 கரட் எனத் தெரிந்தால், அது 22 கரட்டில் ஏறத்தாழ 14.5 கிராமுக்கே சமம். குறையும் 1.5 கிராமுக்குப் பணம் தருவோம். கூலியையும் சேதாரத்தையும் முன்கூட்டியே எழுத்தில் அறியத்தரவும்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
..........

கவனிக்க: 22 கரட் என்பது 24 பங்கில் 22 பங்கு தங்கம். எனவே 16 × 20 ÷ 22 ≈ 14.5 எனக் கணக்கிட்டோம். "நல்ல தங்கம், இரண்டு பவுண் இருக்கும்" என்று மட்டும் எழுதினால், கல்லின் நிறையும் தங்கமாக எண்ணப்பட்டுப் பின்னர் பிணக்கு ஏற்படும்.