412 லீட், 9 சைட் விசிட்

கேள்வி: சார், சென்னை மேடவாக்கம் பக்கம் 48 வீடுகள் கட்டும் ஒரு சின்ன பில்டரிடம் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். '2 பிஹெச்கே, 68 லட்சம் முதல்' என்று ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் லீட் விளம்பரம் போட்டோம். ஒரு மாதத்தில் 1,45,000 ரூபாய் செலவு, 412 லீட். ஒரு லீட் 352 ரூபாய்தான், இது நல்ல ரேட் என்கிறது ஏஜென்சி. ஆனால் சைட்டுக்கு வந்தது 9 குடும்பம், புக்கிங் ஒன்றுகூட இல்லை. ஃபார்மில் பட்ஜெட் கேள்வி சேர்க்கலாம் என்றால் லீட் குறைந்துவிடும் என்று தடுக்கிறார்கள். சேல்ஸ் டீமைக் கேட்டால் எல்லாம் ஃபேக் நம்பர் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: லீட் குறையும் என்பது உண்மைதான். குறையட்டும். உங்கள் 1,45,000 ரூபாயை 9 குடும்பத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு சைட் விசிட்டுக்கு 16,000 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கிறது. ஏஜென்சி மாதாமாதம் அனுப்பும் ரிப்போர்ட்டில் இந்த ஒரு எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். 352 என்ற எண்ணைப் பற்றி அப்புறம் யாரும் பேசமாட்டார்கள்.

சேல்ஸ் டீம் 'ஃபேக்' என்று சொல்வதில் பெரும்பாலும் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். லீட் ஃபார்மைத் திறந்ததும் பெயர், போன் நம்பர், இமெயில் எல்லாம் புரொஃபைலிலிருந்து தானாக நிரம்பிவிடும். கணக்குத் தொடங்கியபோது கொடுத்த பழைய நம்பராகவும் அது இருக்கலாம். பஸ்ஸில் நின்றபடி ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தவர் இரண்டு தட்டில் உங்கள் லீட் ஆகிவிடுகிறார். நீங்கள் மறுநாள் கூப்பிடும்போது 'எந்த ஃபிளாட்?' என்று கேட்கிறார், அவ்வளவுதான். ஃபார்ம் வகையில் More volume என்று இருந்தால் Higher intent என்று மாற்றுங்கள். அனுப்பும் முன் தான் கொடுத்த விவரங்களை ஒருமுறை பார்த்து உறுதிசெய்யும் திரை வரும். பழைய நம்பர் பலருக்கும் அங்கேயே கண்ணில் படும்.

இனி பட்ஜெட். 'உங்கள் பட்ஜெட் என்ன?' என்று கேட்டு, 60–70, 70–80 என்று பட்டியல் போடாதீர்கள். உங்கள் விளம்பரத்தில் 68 என்று பார்த்தவர் 60–70ஐத்தான் தொடுவார். அது அவர் பட்ஜெட் அல்ல, உங்கள் விளம்பரத்தின் எதிரொலி. உண்மையில் அந்த வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவோம். கார் பார்க்கிங், மின் இணைப்பு, மெயின்டனன்ஸ் டெபாசிட் எல்லாம் சேர்த்து 6 லட்சம் என்று வைத்தால் 74. கட்டிமுடிக்காத வீடு என்பதால் 5 சதவீத ஜிஎஸ்டி, 3.7 லட்சம். கூட்டு மதிப்பில் பதிவு செய்யும்போது 50 லட்சத்துக்கு மேல், 3 கோடி வரை முத்திரைத்தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். அது ஏறக்குறைய 5.2 லட்சம். மொத்தம் 83 லட்சத்தைத் தொடுகிறது.

இதில் வங்கி எவ்வளவு தரும்? 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு வீட்டு மதிப்பில் 80 சதவீதம். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது. 74இல் 80 சதவீதம் என்றால் சுமார் 59 லட்சம். மீதி 24 லட்சம் வாங்குபவர் கையிலிருந்து வர வேண்டும். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு அந்த 59 லட்சத்தின் இஎம்ஐ 51,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். உங்கள் 9 குடும்பமும் சைட்டில் காஸ்ட் ஷீட்டைப் பார்த்த பிறகுதான் '68 என்றீர்களே' என்று கேட்டிருப்பார்கள். அந்த முகமாற்றத்தை நானும் பல ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்திருக்கிறேன்.

ஆகவே விளம்பரத்திலேயே 'எல்லாம் சேர்த்து சுமார் 83 லட்சம்' என்று போடுங்கள். ரெரா பதிவு எண்ணும் ஆணைய இணையதள முகவரியும் எப்படியும் இருந்தாக வேண்டும், அது சட்டம். ஃபார்மில் பட்ஜெட்டுக்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: 'கடன் போக, சொந்தப் பணமாக சுமார் 24 லட்சம் தேவைப்படும். உங்களால் எப்போது முடியும்?' விடைகள் நான்கு. இப்போதே கையில் இருக்கிறது. 3 மாதத்துக்குள். நிலமோ பழைய வீடோ விற்ற பிறகு. இப்போதைக்கு இல்லை.

இந்த ஒரே கேள்வி பட்ஜெட்டையும் காலத்தையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறது. 'எப்போது வாங்குவீர்கள்?' என்று தனியாகக் கேட்டால் எல்லோரும் '3 மாதத்துக்குள்' என்பார்கள். சொல்வதற்குச் செலவில்லையே. பணம் எங்கிருந்து வரும் என்று யோசிக்க வைத்தால்தான் நிஜமான காலம் வெளிவரும். பொதுவாக வங்கி தன் பங்கை விடுவிக்கும் முன் வாங்குபவரின் பங்கைப் போடச் சொல்லும். ஊரில் நிலம் விற்றுத்தான் வர வேண்டும் என்றால், கிரயம் முடியும்வரை அவருக்கு உங்கள் வீடு இல்லை. அவரை வாரம் மூன்று முறை கூப்பிட்டு விரட்டாதீர்கள். மாதம் ஒருமுறை கட்டட வேலை எந்த அளவில் இருக்கிறது என்று ஒரு போட்டோ அனுப்பினால் போதும்.

போனில் சரிபார்க்க எனக்கு இரண்டு கேள்விகள் கைகொடுத்திருக்கின்றன. வங்கியில் எலிஜிபிலிட்டி பார்த்தாச்சா? இந்த ஏரியாவில் வேறு எந்த ப்ராஜெக்ட் பார்த்தீர்கள்? இரண்டுக்கும் பதில் வைத்திருப்பவர் வாங்கும் மும்முரத்தில் இருக்கிறார். 'ஜூனில் பையனை இந்தப் பக்கம் ஸ்கூல் மாற்றணும்' என்றால் அது உறுதியான கெடு. 'ஆடி போகட்டும்' என்பதை மறுப்பு என்று குறித்துக்கொள்ளும் டெலிகாலர்கள் உண்டு. அது மறுப்பே இல்லை. ஆடியில் சைட்டைக் காட்டிவிட்டு, ஆவணியில் நல்ல நாள் பார்த்து டோக்கன் வாங்குங்கள். விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பதும் ரெரா சட்டம்.

லீட் விழுந்த பத்து நிமிடத்துக்குள் கூப்பிடுங்கள். மறுநாள் என்றால் உங்கள் விளம்பரமே அவருக்கு ஞாபகம் இருக்காது. 'எப்போது வர்றீங்க?' என்று கேட்டால் 'சொல்றேன்' என்றுதான் பதில் வரும். 'ஞாயிறு காலை பத்தரைக்கா, மதியம் மூணு மணிக்கா?' என்று கேளுங்கள். ஞாயிறு மாலை ஐந்து மணியை மட்டும் கொடுக்காதீர்கள். நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். அதை உங்களிடம் காரணமாகச் சொல்லமாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள். முடிவில் யாருக்கெல்லாம் பங்கு என்றும் கேளுங்கள். கணவர் மட்டும் வந்து பார்த்தால் இன்னொரு விசிட் பாக்கி இருக்கிறது என்றுதான் அர்த்தம். முந்தின நாள் மாலை வாட்ஸ்அப்பில் லொகேஷனும், வாசலில் நிற்கப்போகிறவரின் பெயரும் நம்பரும் அனுப்புங்கள்.

போன வருடம் தாம்பரம் தாண்டி ஒரு ப்ராஜெக்ட்டில் இப்படி மாற்றினோம். ஏறக்குறைய உங்கள் செலவுதான். லீட் 118ஆக விழுந்தது, ஒன்றின் விலை 1,200 ரூபாயைத் தாண்டியது. முதலாளி என்னிடம் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாதக் கடைசியில் 21 குடும்பம் வந்திருந்தது, இரண்டு புக்கிங். அதாவது ஒரு விசிட்டுக்கு 7,000 ரூபாய்க்கும் குறைவு.

ஒன்று விட்டுப்போனது. யார் தகுதியானவர் என்று நீங்கள் கண்டுபிடித்ததை மெட்டாவுக்குத் திருப்பிச் சொல்லாவிட்டால், அது ஃபார்ம் நிரப்புகிற ஆட்களையே தேடிக்கொண்டிருக்கும். உங்கள் சிஆர்எம்மை Conversions API வழியாக இணைத்து, ஒவ்வொரு லீடின் ஐடியோடு நிலையையும் அனுப்பச் சொல்லுங்கள். சைட் விசிட் மாதம் இருபதுதான் என்றால் அது கற்றுக்கொள்ளப் போதாது. '24 லட்சம் தயார், போனில் உறுதி' என்ற முந்தின நிலையை அனுப்புங்கள்.

பழைய 412ஐத் தூக்கிப் போடவேண்டாம். மெட்டாவில் லீட் பட்டியலை 90 நாள் வரைதான் இறக்க முடியும், இன்றே இறக்கிவிடுங்கள். அதில் போன் எடுத்துப் பேசியவர்களுக்கு மட்டும் 83 லட்சக் கணக்கை ஒரே பக்கமாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கணக்கைப் பார்த்தபிறகும் பதில் போடுகிறவர்களுக்கு இந்த ஞாயிறு பத்தரை மணியைக் கொடுங்கள்.